பின்வாங்கும் நேரம்

வங்கியொன்றின் தரவுத்தள மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுமுன், ஐடி குழு மாற்றக் கோரிக்கை எழுதுகிறது. பழுது நேரும் வாய்ப்பு, நேர்ந்தால் வரும் பாதிப்பு இரண்டையும் வைத்து அபாய அளவு முடிவாகிறது. வாடிக்கையாளர் கணக்குகளைத் தொடும் வேலை என்பதால் இது உயர் அபாயம். ஒப்புதல் குழு சம்மதிக்க வேண்டும்.

பராமரிப்பு நேரம் ஞாயிறு அதிகாலை 1 முதல் 4 மணி வரை என்று கொள்வோம். பேக்கப்பிலிருந்து பழைய நிலையை மீட்க 60 நிமிடம், சரிபார்க்க 15 நிமிடம் என்றால், 2.45 மணிக்குள் சோதனைப் பரிவர்த்தனை தேற வேண்டும். தேறாவிட்டால் பின்வாங்க வேண்டியதுதான். ‘இன்னும் பத்தே நிமிஷம்’ என்ற கெஞ்சல் எழுவதும் அப்போதுதான். அந்த 60 நிமிடம் ஊகமல்ல, ஒத்திகையில் அளந்த கணக்காக இருக்க வேண்டும். சேவையைத் திறந்தபின் பேக்கப்பை அப்படியே மீட்டால், இடையில் பதிவான பரிவர்த்தனைகள் காணாமல் போகும்.