பளபளக்கும் பாதம்: பள்ளிப் பிள்ளைகளின் ஒரு தோல்நோய்

பள்ளி விட்டு வந்த பையன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுகிறான். வியர்வையில் நனைந்த காலுறையை ஒரு மூலையில் போடுகிறான். பிறகு வெறுங்காலுடன் நடந்து சென்று மின்விசிறியின் கீழ் அமர்கிறான். நம் வீடுகளில் அன்றாடம் காணும் காட்சிதான் இது. ஆயினும், சில பிள்ளைகளின் உள்ளங்கால் தோலுக்கு அந்த அரை மணி நேரம் பெருந்தீங்கு செய்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஓடியாட மறுத்து, குதிகாலை ஊன்றி நடக்கிறான். தாய் அவன் காலைத் தூக்கிப் பார்க்கிறாள். பெருவிரலின் அடிப்பகுதியும் அதை அடுத்துள்ள முன்பாத மேடும் மெருகு பூசியதுபோல் பளபளக்கின்றன. தோல் சிவந்து இறுகியிருக்கிறது. அதன் இயல்பான ரேகைகள் மங்கிவிட்டன. ஆங்காங்கே குறுக்கு வெடிப்புகள் தோன்றி, ஒன்றிரண்டில் இரத்தமும் கசிகிறது. சேற்றுப்புண் என்று எண்ணி அவள் பூஞ்சணக் களிம்பு வாங்கித் தடவுகிறாள். காலை உலர வைக்கப் பவுடரும் தூவுகிறாள். இரண்டு மாதம் சென்றும் வெடிப்பு குறையவில்லை, கூடுகிறது.

அவள் செய்த தவறு யாது? விரலிடுக்கைப் பார்க்காததே. சேற்றுப்புண் பெரும்பாலும் விரலிடுக்கில், அதிலும் கடைசி இரு விரல்களுக்கு இடையில், தோல் வெளுத்து ஊறி நமைச்சலுடன் தொடங்கும். பல வேளைகளில் ஒரு காலில் மட்டுமே இருக்கும். நாம் கூறும் நோயிலோ விரலிடுக்கு முற்றும் நலமாக இருக்கும். தரையில் படாத நடுப்பாதக் குழிவும் நலமாக இருக்கும். உடற்பாரம் விழுந்து உராயும் இடங்கள் மட்டுமே, இரு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கெட்டிருக்கும். ஐயம் எழுந்தால் மருத்துவர் தோலைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார், பூஞ்சணம் தென்படாது. சப்பாத்தின் ரப்பரோ, தோலைப் பதப்படுத்தும் குரோமியமோ ஒவ்வாமல் வரும் புண் வேறு. அது பெரும்பாலும் பாதத்தின் மேற்புறத்தைத் தாக்கும்.

இந்நோய்க்கு மருத்துவர்கள் 'ஜுவனைல் பிளான்டர் டெர்மடோசிஸ்' என்று பெயரிட்டுள்ளனர். இளையோர் உள்ளங்கால் தோல்நோய் என்று நாம் சொல்லலாம். 1972-ஆம் ஆண்டில் மோலர் என்பவர், ஒவ்வாமை இயல்புள்ள பிள்ளைகளின் 'குளிர்காலப் பாதம்' என்று இதைப் பற்றி எழுதினார். 1976-இல் மக்கீ, ஹுசேன் என்னும் இருவர் இன்றைய பெயரைத் தலைப்பில் இட்டு, இது தனியொரு நோயோ என்ற கேள்வியுடன் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் மூடிய சப்பாத்து. நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் பள்ளிச் சப்பாத்தும் வியர்வையும்.

இனி, நோய் உண்டாகும் விதத்தைப் பார்ப்போம். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. தோலாலோ துணியாலோ ஆன சப்பாத்து, வியர்வையின் ஈரத்தை ஓரளவு வெளியே விடும். பிளாஸ்டிக், செயற்கைத்தோல், ரப்பர் ஆகியவை அதை உள்ளேயே அடைத்து வைக்கும். நைலான் காலுறையும் ஈரத்தை உறிஞ்சாது. மணிக்கணக்கில் ஊறிய மேல்தோல் மெத்தென்று உப்புகிறது. அந்த நிலையில் பிள்ளை ஓடுகிறான். சப்பாத்தும் பாதமும் உராய்கின்றன. பிறகு சப்பாத்தைக் கழற்றியதும், ஊறிய தோல் காற்றில் சட்டென்று காய்கிறது. ஈரக் களிமண் வெயிலில் காய்ந்தால் எப்படி வெடிக்கிறதோ, அப்படியே இதுவும் இறுகி வெடிக்கிறது. ஆகவே நோய்க்கு வேர் ஈரம் மட்டுமன்று, வறட்சி மட்டுமன்று. ஈரமும் வறட்சியும் நாள்தோறும் மாறிமாறி வருவதேயாகும். தாய் தூவிய பவுடர் ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும். வறண்ட தோலை அது மேலும் வறளச் செய்தது.

இது பெரும்பாலும் மூன்று வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது. கரப்பான், ஆஸ்துமா ஆகியவை உள்ள குடும்பங்களில் சற்று அதிகம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

நாம் எடுத்துக்கொண்ட பையனுக்குச் செய்ய வேண்டியவை இவை. அவன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியவுடன் மின்விசிறியின் கீழ் அமரவிடலாகாது. வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். தோலில் சிறிது ஈரப்பசை இருக்கும்போதே, ஓரிரு நிமிடங்களுக்குள், வாசலின் போன்ற நறுமணமற்ற களிம்பை மெல்லியதாகத் தடவ வேண்டும். ஈரம் சட்டென்று பறந்துவிடாமல் காப்பதே இதன் வேலை. பிறகு உலர்ந்த பருத்திக் காலுறை அணிவிக்கலாம். களிம்பு தடவிய கால் தரையில் வழுக்காமலும் அது காக்கும். படுக்கப் போகும்போது மீண்டும் ஒருமுறை, சற்றுத் தடிப்பாகத் தடவ வேண்டும்.

பள்ளிப் பையில் மாற்றுக் காலுறை ஒரு சோடி இருக்கட்டும். இடைவேளையிலோ விளையாட்டு முடிந்தபோதோ ஈரக் காலுறையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இயன்றால் இரண்டு சோடி சப்பாத்து வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் அணிவியுங்கள். கழற்றிய சோடியின் உள்தட்டை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்தால் நன்றாகக் காயும். வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதைவிட, மேற்பகுதி எதனால் ஆனது என்று பாருங்கள். கால் உள்ளே வழுக்கி உராயாத அளவும் முக்கியம்.

ஆழமான வெடிப்பின்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டுப்பட்டையைச் சுற்றினால் வலி குறையும்; வெடிப்பும் ஆறும். யூரியா கலந்த களிம்பு தோலை இளக்கும். ஆயினும் திறந்த வெடிப்பில் எரியும். ஆதலால் வெடிப்பு மூடிய பிறகே அதைத் தொடங்குக. சிவப்பும் நமைச்சலும் மிகுந்தால் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்குத் தரலாம். அது அழற்சியைத் தணிக்குமேயன்றி, ஈரமும் உராய்வும் நீடிக்கும்வரை நோயைப் போக்காது. கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும்.

இவ்வாறு செய்தால் வலிக்கும் வெடிப்புகள் முதலில் ஆறும். பளபளப்பு மறைய மேலும் பல வாரங்கள் ஆகலாம். விடுமுறையில் மறைந்து, பள்ளி திறந்ததும் திரும்பி வருவதும் உண்டு. சப்பாத்து ஒன்றே முழுக் காரணமன்று. நல்ல சப்பாத்து அணியும் சில பிள்ளைகளுக்கும் இது வருகிறது. ஆயினும் பெரும்பாலோருக்குப் பூப்புப் பருவத்தை ஒட்டி இது தானே நீங்கிவிடுகிறது.

சீழ் பிடித்தாலும், சிவப்பு பாதத்திற்கு மேல் பரவினாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுக. ஒரு காலில் மட்டும் இருந்தாலோ விரலிடுக்கில் தொடங்கினாலோ, அது வேறு நோயாக இருக்கக்கூடும்; அதையும் மருத்துவரே பார்க்க வேண்டும். ஏனையோர் இன்று மாலை பிள்ளை சப்பாத்தைக் கழற்றும்போது அவன் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள்.