தெரியாத மொழியில் வந்த குறுஞ்செய்தி

விஜயபுரத்தில் ஒரு வீட்டுக் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது எனக் கொள்வோம். தமிழும் தெலுங்கும் மட்டுமே அறிந்த தாயார், அதனைத் திரைப்படமாகப் பிடித்துப் பள்ளியில் பயிலும் மகளிடம் காட்டுகிறார்.

இச்செய்தி கற்பனையன்று. 2024ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையின் பெயரால் பலருக்கும் வந்தது. அதன் பொருள் இதுதான்: "உங்கள் பொதி கிடங்கிற்கு வந்துவிட்டது. இருமுறை கொண்டுவந்தோம், முகவரி முழுமையாக இல்லாததால் தர இயலவில்லை. 48 மணி நேரத்திற்குள் கீழுள்ள இணைப்பில் முகவரியைத் திருத்துங்கள். இல்லையேல் பொதி திருப்பி அனுப்பப்படும்." இது போலியானது என மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்தது. இதனை நாமே எவ்வாறு அறியலாம்?

முதலில் அவசரத்தை நோக்குக. மொழி புரியாவிடினும் 48 என்னும் எண் கண்ணில் படும். எவரையும் கேட்டறிய நேரம் தராமல் நம்மை விரைவுபடுத்துவதே அதன் நோக்கம். ஆயினும் அவசரம் மட்டுமே சான்றாகாது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் சில நிமிடங்களே செல்லும். ஆனால் அது எந்த இணைப்பையும் அழுத்தச் சொல்வதில்லை.

அடுத்துச் சொற்களை நோக்குக. முகவரி முழுமையாக இல்லையெனில், இருமுறை எந்த வீட்டிற்குச் சென்றனர்? அஞ்சல் வந்து சேருமிடம் அஞ்சலகம்; இச்செய்தியோ கிடங்கு என்கிறது. பெறுபவர் பெயரில்லை, விரைவு அஞ்சலுக்குரிய 13 எழுத்தெண்களாலான அடையாள எண்ணும் இல்லை. முடிவில் துறையின் பெயருக்குப் பின் ஒரு வியப்புக்குறி! அரசு அலுவலகம் இவ்வாறு கையொப்பமிடுவதில்லை.

இறுதியாக, இணைப்பை நோக்குக. பிழையற்ற மொழியிலும் ஏமாற்றுச் செய்தி எழுதலாம். ஆதலின் இதுவே உறுதியான சோதனை. செய்தியிலிருந்த முகவரி indisegpost.in/IN என்பது. அஞ்சல் துறையின் உண்மையான தளமோ indiapost.gov.in ஆகும். முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். gov.in என்னும் முடிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படும். வெறும் .in முடிவை எவரும் விலைக்கு வாங்கலாம்.

இத்தகைய இணைப்பைத் திறந்தால், அஞ்சல் துறையின் தளம் போன்ற பக்கம் தோன்றும். அது முகவரியைக் கேட்டு, பின்னர்ச் சிறு கட்டணம் என்று கூறி வங்கி அட்டையின் எண்ணைப் பெறும். களவு அங்கேதான் நிகழ்கிறது. திரைப்படத்தில் உள்ள இணைப்பையும் அழுத்தலாகாது. அதனைத் தட்டச்சு செய்தும் பார்க்கலாகாது. பொதி குறித்து ஐயமிருப்பின் அருகிலுள்ள அஞ்சலகத்தில் கேட்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

பயிற்சி: indiapost.gov.in.example.com என்பது அரசுத் தளமா? அதன் முடிவைப் படித்துக் காரணத்துடன் விடை எழுதுக.