பெண்குயிலின் அடையாளம்

வேனிற்காலத்தில், மாமரத்திலும் வேம்பிலும் இருந்து ஆண்குயிலின் கூவலை நாள்தோறும் கேட்டுப் பழகியவர்களிலும் பெரும்பாலோர், அதே மரத்தின் அடர்ந்த இலைகளுக்கிடையே அரவமின்றி அமர்ந்திருக்கும் பெண்குயிலை நேரிலே கண்டுங்கூட அதைக் குயிலென்று ஏற்க மனம் வராமல், செம்போத்து என்றோ, வல்லூறு என்றோ, பெயர் தெரியாத ஏதோவொரு புள்ளிப் பறவை என்றோ சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. குயில் என்றாலே கருமை என்னும் எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. கூவுவதும் ஆண், நீலம் மின்னும் கருநிறம் கொண்டதும் ஆண். பெண்ணின் வர்ணமோ பழுப்பு, அப்பழுப்பின்மேல் தலை முதல் வால் வரை வெண்புள்ளிகளும் கோடுகளும் நிறைந்திருக்கின்றன.

இதைச் செம்போத்தினின்று பிரித்தறியக் கண்ணின் நிறத்தைப் பார்த்தால் போதும் என்ற அபிப்பிராயம் பலரிடம் உண்டு. கண் சிவந்திருந்தால் செம்போத்து என்று அவர்கள் நிச்சயமாகச் சொல்வார்கள். ஆனால் பருவமடைந்த செம்போத்தின் கண் எவ்வளவு சிவப்போ, பெண்குயிலின் கண்ணும் ஏறக்குறைய அவ்வளவு சிவப்பே. இரண்டும் குன்றிமணி போல் ஒளிர்பவை. ஆகவே இவ்விரண்டையும் பிரிப்பதற்குக் கண்ணின் நிறம் உதவாது. அந்தக் கண் எத்தகைய முகத்தில் அமைந்திருக்கிறது என்பதுதான் உதவும். செம்போத்தின் செங்கண் கரிய தலையில், தடித்து வளைந்த கரிய அலகுக்கு மேலே இருக்கிறது. பெண்குயிலின் செங்கண்ணோ வெளிர்கோடுகள் ஓடிய பழுப்பு முகத்தில், வெளிறிய பசுஞ்சாம்பல் நிற அலகுக்கு மேலே இருக்கிறது. இலை மறைவிலே தலை மட்டும் தெரியும்போதுகூட, அலகு வெளிறியதா கரியதா என்று கவனித்துவிட்டால் சந்தேகத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கண்ணின் நிறம் மெய்யாகவே பயன்படுவது வேறோர் இடத்தில். அக்காக்குயில் என்றொரு பறவை உண்டு; உருவிலும் பறக்கும் பாங்கிலும் வல்லூறு என்றே மயங்கச் செய்யும் அதன் கண்ணும், கண்ணைச் சுற்றிய வளையமும் மஞ்சள் நிறமானவை. மார்பில் பழுப்புத் துளிகள் சிதறிய இளம் வல்லூற்றின் கண்ணும் மஞ்சளே. வளர்ந்த வல்லூற்றின் கண் சிவப்பேறிவிடும் என்பது மெய்தான். ஆயினும் அந்த வயதில் அதன் முதுகு புள்ளியற்ற சாம்பல் நிறமாகிவிடுவதால், அதைப் பெண்குயிலென்று கருத இடமில்லை. எனவே உடல் முழுவதும் புள்ளியிட்ட பழுப்புப் பறவையின் கண் மஞ்சளாக இருக்குமானால், அது பருவமடைந்த பெண்குயில் அன்று என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஆனால் நிழலில் செங்கண்ணும் கருங்கண்ணாகவே தோன்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து வெயில் விழாத வரையில், தூரத்து மரத்தின் உட்கிளையில் இருக்கும் பறவைக்குக் கண் கறுப்பு என்று எழுதிக்கொள்வது விவேகமன்று.

கண் தெரியாதபோது துணை செய்வது சிறகின் சித்திரம். பெண்குயில் திரும்பி உட்காரும் வேளையில் அதன் முதுகை ஒரு தொலைநோக்கியின் வழியாக நிதானமாகப் பார்த்தால், கரும்பழுப்பு நிறத்தின்மேல் வெண்மையும் வெளிர்மஞ்சளும் கலந்த புள்ளிகள் முதுகிலும் இறக்கையிலும் இடைவெளியின்றிப் பரவியிருப்பதும், தலையில் அவை புள்ளியாக நில்லாது நீண்ட கீற்றுகளாவதும், கழுத்தின் அடியில் திட்டுகளாகத் தொடங்கும் கருமை மார்பையும் வயிற்றையும் அடையுங்கால் வெண்ணிறத்தின் குறுக்கே ஓடும் வரிகளாக ஒழுங்குபடுவதும் தெளிவாகத் தெரியும். செம்போத்திடம் இந்தச் சித்திர வேலை எதுவும் இல்லை. தலையும் உடலும் வாலும் ஒரே கருமையாக, இறக்கையும் முதுகின் மேற்பகுதியும் மட்டும் ஒரே செங்காவியாக, இரண்டு வர்ணங்களை இரண்டு இடங்களில் தனித்தனியே பூசி வைத்தாற்போல் அது இருக்கிறது. பழுப்பு என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்குவதால்தான் இத்தனை குழப்பமும் நேருகிறது என்பது என் கருத்து. ஆகையால் பழுப்பா என்று கேட்பதை விட்டு, இறக்கையில் புள்ளி உண்டா என்று கேட்பதே சரியான விசாரணை.

மூன்றாவது சாட்சி வால். பெண்குயிலின் நீண்ட வாலில், அடி முதல் நுனி வரை, கரும்பழுப்பின் குறுக்கே மெல்லிய வெண்கோடுகள் பல நெருங்கி ஓடுகின்றன. அக்காக்குயிலின் வாலிலும் வல்லூற்றின் வாலிலும் இதற்கு மாறாக, வெளிறிய நிறத்தின் குறுக்கே அகன்ற கரும்பட்டைகள் சில மட்டுமே இருக்கும். செம்போத்தின் வாலோ பட்டையும் கோடும் இல்லாத கரிய வால்; அகன்றது, நடு இறகுகள் நீண்டும் ஓர இறகுகள் படிப்படியாகக் குறைந்தும் அமைந்தது.

வேலியோரத்து மஞ்சள் அரளியில் ஒரு பறவை அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். அரளிப் பழத்தைக் குயிலும் தின்னும், செம்போத்தும் தின்னும். எனவே இடத்தைக் கொண்டு ஒன்றும் தீர்மானிக்க முடியாது. பறவை நமக்கு முதுகு காட்டி இருக்கிறது, கண் தெரியவில்லை, இலைக்குக் கீழே வாலின் பாதி மட்டும் தொங்குகிறது. அதில் வெண்கோடுகள் நெருக்கமாகத் தெரிந்தால் குயிலென்று எண்ணத் தொடங்கலாம். ஆனால் அங்கே முடித்துவிடக் கூடாது, ஏனெனில் இளஞ் செம்போத்தின் வாலிலும் மங்கலான கோடுகள் உண்டு. அப்போது இறக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். தென்னாட்டு இளஞ் செம்போத்தின் இறக்கை பெரும்பாலும் கோடற்ற மங்கிய செங்காவியாகவே இருப்பதால், இறக்கை ஒரே நிறமாக இருந்தால் செம்போத்தின் குஞ்சு என்றும், புள்ளிகள் நிறைந்திருந்தால் பெண்குயில் என்றும் முடிவு செய்யலாம். வடநாட்டுச் செம்போத்தின் குஞ்சுக்கோ இறக்கையிலும் வரிகள் ஓடுவதால் இந்த விதி அங்கே செல்லாது. அங்கே கண்ணும் அலகுமே கதி. இளஞ் செம்போத்தின் கண் சிவக்காமல் மங்கலாகவே இருக்கும். பறவையின் நடத்தையும் ஓரளவு துணை புரியும்: சிறிது நேரத்தில் அது தரையில் இறங்கி, புதரடியில் நத்தையையும் பூச்சியையும் தேடி நிதானமாக நடக்கத் தொடங்கினால் செம்போத்து, கிளையை விட்டு வேகமாகப் பறந்து அடுத்த மரத்தின் உச்சிக்குள் மறைந்தால் குயில்.

எல்லாவற்றினும் கடினமானது குயிலின் குஞ்சை அறிவது. அதன் உடல் தாயைவிடக் கறுத்திருக்கும், அலகும் வெளிறாமல் கறுப்பாக இருக்கும், கண்ணும் இன்னும் சிவந்திராது. மேலே சொன்ன லட்சணங்களில் பாதி அதனிடம் பொய்த்துவிடும். ஆயினும் அது தனியே இருப்பதில்லை. கோடையின் பிற்பகுதியில், மதிற்சுவரிலோ தாழ்ந்த கிளையிலோ அமர்ந்து, சிறகை நடுக்கி வாயைப் பிளந்து கத்தும் புள்ளிப் பறவை ஒன்றுக்குக் காக்கை இரை ஊட்டக் கண்டால், கண்ணையும் வாலையும் ஆராய வேண்டியதே இல்லை. செம்போத்து தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்ப்பது. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுக் காக்கையைக் கொண்டே குஞ்சை வளர்ப்பிப்பது குயில்.