கதவும் பையும் பேசின

தேர்வுக்கு முந்திய வாரம் ஒரே கனவு மூன்று முறை வந்தது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் ரயில் கதவு என் முகத்துக்கு நேரே மூடுகிறது. கையில் பாட்டியின் தேக்கா சந்தைப் பை கனக்கிறது.

பெர்லினில் பிறந்த மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் 1960களில் கலிஃபோர்னியாவில் கற்பித்த முறையில் அதைப் பேசிப் பார்த்தேன். கனவில் வருபவை எல்லாம் நம்முடைய பகுதிகளே என்பது அவர் கருத்து. கனவை இப்போது நடப்பதுபோல் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகவும் மாறி, “நான்” என்று வாய்விட்டுப் பேச வேண்டும்.

“நான் கதவு. யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்.” பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. “கதவு என்றால் தேர்வு” என்று விளக்கவும் தொடங்கிவிட்டேன். விளக்கம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

“நான் பை. என்னைக் கீழே வைக்க இவளுக்குப் பயம்.” இங்கே குரல் உடைந்தது. தொடர வேண்டிய இடம் அதுதான். எதிர் நாற்காலிக்கு மாறி, நானாகப் பைக்குப் பதில் சொன்னேன்: “உன்னைத் தூக்கப் பிடிக்கும். இந்த வாரம் முடியாது.”

விபத்து, வன்முறை போன்ற கொடுங்கனவுகளை இப்படித் தனியாகப் பேசிப் பார்க்கக்கூடாது. ஆலோசகர் உடனிருக்க வேண்டும்.

அன்று மாலை, இரண்டு சனிக்கிழமைகளுக்கு அக்காவைச் சந்தைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். பாட்டி பட்டியலை அக்காவிடம் நீட்டினார்.