பில்லில் ஒரிஜினல், போனில் காப்பி

"அண்ணே, டிஸ்ப்ளே மாத்துனதுல இருந்து கைரேகையே எடுக்க மாட்டேங்குது" என்று மதுரையிலிருந்து தங்கை அழைத்தாள். கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். "டிஸ்ப்ளே மாத்துனா அது போயிரும்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "ஒரிஜினல் டிஸ்ப்ளே, 7,800 ரூபாய்" என்று தெளிவாக எழுதியிருந்தது.

அவளுடைய போனில் கைரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது. அந்த மாடலுக்கு நிறுவனம் தருவது ஓலெட் திரை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். இதற்குப் பதிலாகச் சந்தையில் கிடைக்கும் மலிவான காப்பி 'காம்போ'க்கள் பெரும்பாலும் எல்சிடி வகை. பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்கு அடுக்கைத் தாண்டி அடியிலிருக்கும் உணரிக்கு விரல் தெரியாது. பல மாடல்களில் காப்பியின் விலை பாதிக்கும் குறைவு. மோசடியின் கணக்கு அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, இருட்டறையில் பாருங்கள். ஓலெட் என்றால் போன் இருக்கும் இடமே தெரியாது. எல்சிடி என்றால் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிரும். தங்கையின் போன் ஒளிர்ந்தது. ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும். ஓலெட்டிலும் காப்பி உண்டு. கறுப்பு சரியாகத் தெரிவதால் மட்டும் அது நிறுவனத்தின் பாகம் ஆகிவிடாது. அதேபோல, அசல் திரை போட்ட பிறகும் உணரியைச் சீர்செய்யாவிட்டால் கைரேகை எடுக்காமல் போகலாம். எனவே கைரேகையை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகக்கூடாது.

கோபத்தில் பலர் செய்யும் தவறு, போனை வேறொரு கடையில் கொடுத்துப் பிரித்துப் பார்ப்பது. பிறகு "அந்தக் கடையில்தான் மாற்றிவிட்டார்கள்" என்று முதல் கடைக்காரர் கைகழுவிவிடுவார். தங்கையை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போகச் சொன்னேன். பழுது பார்க்க வேண்டாம், பொருத்தியிருப்பது அசல் பாகமா என்று மட்டும் ஜாப் ஷீட்டில் எழுதித் தரக் கேட்டாள். 'நிறுவனத்தின் பாகம் அல்ல' என்று ஒரு வரி கிடைத்தது. அதுவும் பில்லும்தான் ஆதாரம். பில்லில் 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று இருந்திருந்தால் வழக்கு இவ்வளவு எளிதல்ல. அந்தச் சொல்லில் கடைக்காரர் நுழைந்து வெளியேற இடம் இருக்கிறது.

பிறகு இந்தக் கடிதம்:

"ஐயா, இம்மாதம் 4ஆம் தேதி என் போனுக்கு 'ஒரிஜினல் டிஸ்ப்ளே' பொருத்தியதாக 7,800 ரூபாய்க்குப் பில் தந்தீர்கள். பில் எண்ணும் போனின் ஐஎம்இஐ எண்ணும் கீழே உள்ளன. பொருத்தப்பட்டது நிறுவனத்தின் பாகம் அல்ல என்று சர்வீஸ் சென்டர் எழுத்தில் தெரிவித்துள்ளது, நகல் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் அசல் டிஸ்ப்ளேயைக் கூடுதல் கட்டணமின்றிப் பொருத்தித் தாருங்கள். இயலாவிட்டால் 7,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். உங்கள் டிஸ்ப்ளேயைத் திரும்ப ஒப்படைக்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

ஐஎம்இஐ எண்ணை *#06# அழுத்திப் பார்த்து எழுதினாள். எந்தப் போனைப் பற்றிய பேச்சு என்பதில் சந்தேகம் வரக்கூடாது. 'ஏமாற்றுக்காரர்' போன்ற சொற்களை நான் அடித்துவிட்டேன். அவை கடைக்காரருக்குப் பதில் வழக்குப் போட வழி தருமே தவிர, பணத்தைத் தராது. கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போனது, ஒரு நகல் வாட்ஸ்அப்பிலும்.

பில்லில் வேறு கெடு இல்லையென்றால், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர 30 நாளுக்குள் மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அதனால் அந்த முப்பது நாளுக்குள் கடிதம் போய்ச்சேர்வது நல்லது. ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம்.

பணமா, மாற்றுத் திரையா என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கேட்டால் காப்பித் திரையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், போன் வெறும் கூடாகிவிடும். தங்கை மாற்றுத் திரையே போதும் என்றாள்.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து போன். "அக்கா, கொண்டு வாங்க, போட்டுத் தர்றோம்." போனைக் கொடுக்கும்போதே ஐஎம்இஐ எழுதிய ரசீது வாங்கிக்கொண்டாள். சீல் வைத்த பெட்டியைத் தன் முன்னால் பிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். வேலை முடிந்ததும் கறுப்புப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, அந்த லைட்டக் கொஞ்சம் அணைங்க" என்றாளாம்.