தாய்மாமன் தந்த தொட்டிலா? இன்ச் டேப்பை எடுங்கள்!

பேரக்குழந்தை பிறந்ததும் பரணிலிருந்து பழைய மரத் தொட்டிலை இறக்கித் துடைத்து வைப்பது நம் வீடுகளில் நடக்கிற காரியம்தான். தேக்கு மரம், கடைசல் வேலை, அப்பா படுத்தது, மாமா படுத்தது என்று பெருமை வேறு! பெருமை இருக்கட்டும். குழந்தையை அதில் கிடத்துவதற்கு முன் கிராதிக் கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

ஏன் இந்தக் கணக்கு? கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிசு, இடுப்பு சின்னது. இடைவெளி அகலமாக இருந்தால், புரளும்போது கால் முதலில் வெளியே போகும், பின்னாலேயே இடுப்பும் போகும், தலை மட்டும் மாட்டிக்கொண்டு கழுத்தில் தொங்கும். அழக்கூட முடியாது. அதனால் ‘தலை நுழையுமா?’ என்று பார்க்காதீர்கள், ‘இடுப்பு நுழையுமா?’ என்று பாருங்கள். ரொம்ப நெருக்கமும் ஆகாது. நாலரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கையோ காலோ சிக்கிக்கொள்ளும்.

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு தொட்டில். உள் நீளம் 120 செ.மீ., ஒரு பக்கத்துக்குப் பத்துக் கட்டைகள், ஒவ்வொன்றும் 2 செ.மீ. தடிமன். கட்டைகளுக்கு 20 போக மீதி 100 சென்டிமீட்டர் பதினோரு இடைவெளிகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் 9 செ.மீ.! பாட்டியம்மா, “சுத்திலும் திண்டு வெச்சுக் கட்டிட்டா போச்சு டாக்டர்” என்றார். கூடவே கூடாது. திண்டில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும். அமெரிக்காவில் தொட்டிலைச் சுற்றிக் கட்டும் அந்தத் திண்டுகளை விற்கவே கூடாது என்று 2022-ல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

‘நடுவில் ஒவ்வொரு கட்டை சொருகலாமே’ என்றார் மருமகன். அப்படிச் செய்தால் இடைவெளி மூன்றரையாகிவிடும், கால் சிக்கும். கடைசியில் ஆசாரி மேல், கீழ் சட்டங்களில் புதிதாகத் துளை போட்டு, பக்கத்துக்கு 15 கட்டையாக மாற்றினார். இப்போது இடைவெளி சுமார் 5.6 செ.மீ. அதுதான் சரி. பழைய பெயின்டையும் சுரண்டி எடுக்கச் சொன்னேன், குழந்தை இல்லாத இடத்தில் வைத்து. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும்போது குழந்தை கடிக்கப் போவது அந்த மேல்சட்டத்தைத்தானே!

அடுத்தது மெத்தை. இலவம்பஞ்சு உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்கிறவன்தான் நான். பெரியவர்கள் தாராளமாகப் படுக்கலாம். ஆனால், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அது வேண்டாம். பள்ளம் விழும், பஞ்சு கட்டி தட்டும். குப்புற விழுந்த குழந்தை அந்தப் பள்ளத்தில், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளங்கையால் நன்றாக அழுத்திக் கையை எடுங்கள். கை பதிந்த தடம் நின்றால் அந்த மெத்தை ஆகாது. உடனே சமமாகிவிட வேண்டும். கெட்டியான தேங்காய் நார் மெத்தை போதும். அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரே ஒரு பருத்தி விரிப்பு. தலையணை, கடுகுத் தலையணை, கனத்த போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். குழந்தை மல்லாந்து படுக்கட்டும்.

மேலே சொன்ன வீட்டில் மெத்தை அகலம் 55, தொட்டில் உள் அகலம் 60. ‘அஞ்சு சென்டிமீட்டர்தானே’ என்று தோன்றும். மெத்தையை ஒரு ஓரம் தள்ளிப் பாருங்கள், மறுபக்கம் முகம் இறங்குகிற சந்து! அங்கே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. சந்தில் துணியைத் திணிக்காமல், தொட்டில் அளவுக்கே வேறு மெத்தை தைக்கச் சொல்லி அனுப்பினேன்.

கொசுவலைக்கு வருவோம். டெங்கு கொசு பகலில் கடிக்கிற கொசு. ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் உள்ள வலை என்று கேட்டு வாங்குங்கள். கொசு நுழையாது, காற்று வரும். வலை குழந்தையின் மேல் படக் கூடாது, பட்டால் வெளியில் உட்கார்ந்தே கொசு கடித்துவிடும். நான்கு மூலையிலும் விறைப்பாகக் கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். குடை மாதிரி மடக்குகிற வலை சட்டென்று சரிந்து முகத்தில் விழக்கூடியது. அதோடு வரும் மெத்தையும் பெரும்பாலும் மெத்துமெத்தென்றுதான் இருக்கும். வலைக்குள் சாம்பிராணி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். புகை அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள்.

கட்டுகிற கயிறு குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குழந்தை எழுந்து உட்கார ஆரம்பித்ததும் மெத்தைப் பலகையைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். பிடித்துக்கொண்டு நிற்கும் நாள் வந்ததும் தொங்கும் வலையைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வலை அடித்துக் கொள்ளுங்கள்.