விற்ற லாரியில் லாபமா, நட்டமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, சரக்கு ஏற்ற வைத்திருந்த சொந்த லாரியை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியது 16 லட்சத்துக்கு. விலை போனது 6 லட்சத்துக்கு. பத்து லட்சம் போச்சே என்பார் முதலாளி. கணக்கரோ லாபம் என்று எழுதுவார். அவர் எழுதுவதுதான் சரி.

லாரி ஓடிய ஆண்டுகளில் அதன் விலையில் ஒரு பங்கு ஆண்டுதோறும் தேய்மானமாகச் செலவில் ஏறிவிட்டது. அப்படி ஏறியதுபோக ஏட்டில் மிஞ்சி நிற்பதுதான் ஏட்டு மதிப்பு. விற்ற விலையை ஒப்பிட வேண்டியது இதனோடு. வாங்கிய விலையோடு அல்ல.

வாடகைக்கு ஓட்டாத லாரிக்கு 8 ஆண்டு ஆயுள் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. கடைசியில் மிஞ்சும் மதிப்பு பொதுவாக விலையில் 5 சதவீதம், அதாவது 80,000 ரூபாய். மீதி 15,20,000 ரூபாயை எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 1,90,000 ரூபாய் தேய்மானம்.

லாரி வாங்கிய நாள் 2019 ஏப்ரல் 1. 2024 மார்ச் 31 வரை ஐந்து ஆண்டுத் தேய்மானம் 9,50,000 ரூபாய். ஏட்டில் நிற்பது 6,50,000. ஆனால் விற்றது 2024 செப்டம்பர் 30 அன்று. பலர் சறுக்குவது இங்கேதான். விற்ற நாள் வரைக்குமான அரையாண்டுத் தேய்மானம் 95,000 ரூபாயையும் முதலில் எழுதியாக வேண்டும். எழுதினால் ஏட்டு மதிப்பு 5,55,000க்கு இறங்கும். தரகருக்குக் கொடுத்த 10,000 ரூபாயைக் கழித்தால் கைக்கு வந்தது 5,90,000. ஆக, லாபம் 35,000 ரூபாய்.

அந்த அரையாண்டை மறந்துவிட்டால் இதே விற்பனை 60,000 ரூபாய் நட்டமாகத் தெரியும். அந்த ஆண்டின் மொத்த லாபம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். 95,000 செலவில் 35,000 லாபத்தைக் கழித்தாலும் அதே 60,000தான். ஆனால் லாரி ஓடியதற்கான செலவு, விற்றதில் வந்த நட்டம்போல வேடம் மாறிவிடும். அடுத்த லாரியை எப்போது மாற்றலாம் என்று யோசிப்பவரை அந்தக் கணக்கு திசைதிருப்பும்.

35,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? லாரிக்காக உண்மையில் கரைந்தது 10,10,000 ரூபாய். தேய்மானமாக எழுதியதோ 10,45,000. கூடுதலாக எழுதிவிட்டது விற்கும்போது திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆகவே இதை பனியன் விற்ற வருமானத்தோடு சேர்க்கக் கூடாது. இதர வருமானத்தில் தனியாகக் காட்ட வேண்டும். சிலர் 6 லட்சத்தையும் அப்படியே விற்பனையில் வரவு வைத்துவிடுவார்கள். விற்றுப்போன லாரி சொத்துப் பதிவேட்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தால் இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வருமான வரிக்கு இந்த 35,000 செல்லாது. அங்கே ஒரே வகைச் சொத்துகள் ஒரு தொகுப்பாக நிற்கும். விற்ற தொகை அந்தத் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழியும். கம்பெனியின் மற்ற லாரிகளும் அதே தொகுப்பில் இருந்து, மதிப்பும் மிஞ்சியிருந்தால், இந்த ஒரு லாரிக்கென்று தனியாக லாபம் போட்டு வரி கட்ட வேண்டியதில்லை.